கொழுப்பு மட்டும் கரைந்தால் கொழுப்புச் சதவீதம் எவ்வளவு இறங்கும்? படிப்படியாக ஒரு கணக்கு

நான் பயிற்சி தரும் உடற்பயிற்சிக்கூடத்துக்கு வரும் வங்கி ஊழியர் ஒருவர், இரண்டரை மாதத்தில் 80 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு இறங்கியிருந்தார். மகிழ்ச்சியோடு வர வேண்டிய மனிதர், ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு வந்து நின்றார்.

"தம்பி, ஆரம்பத்தில் என் உடம்பில் 24 கிலோ கொழுப்பு. 5 கிலோ குறைந்தால் 19 கிலோ. 19-ஐ 80-ஆல் வகுத்தால் 23.75 சதவீதம் வர வேண்டும். கொழுப்பை அளக்கும் எடைக்கருவி 25.3 காட்டுகிறது. அப்படியென்றால் தசையும் போய்விட்டதா?"

"இல்லை அண்ணா, துளி கூடப் போகவில்லை. 25.3 வந்திருப்பதால்தான் அப்படிச் சொல்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நோட்டை வாங்கி, அதே பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நாள்தோறும் உழைத்து எடையைக் குறைத்த ஒருவர், ஒரு வகுத்தல் பிழையால் மனம் உடைந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

## முதல் படி: கொழுப்பைக் கிலோவில் எழுதுங்கள்

கொழுப்புச் சதவீதம் என்பது மொத்த உடல் எடையில் கொழுப்பின் பங்கு.

```
கொழுப்பு % = கொழுப்பு எடை ÷ உடல் எடை × 100
```

அவருடைய தொடக்கக் கணக்கில் 24 ÷ 80 × 100 = 30 சதவீதம். இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சிக்கல் என்னவென்றால், வீட்டில் வைத்திருக்கும் எடைக்கருவிகளில் பல சதவீதத்தை மட்டும் காட்டிவிட்டு, கொழுப்பு எத்தனை கிலோ என்பதைக் காட்டுவதில்லை. அப்போது நாமே திருப்பிக் கணக்கிட வேண்டும். எடையைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் போதும். 75 கிலோவில் 25.3 சதவீதம் என்றால் 75 × 25.3 ÷ 100, அதாவது ஏறக்குறைய 19 கிலோ.

எக்ஸ்-கதிரைச் செலுத்திக் கொழுப்பையும் எலும்பையும் தனித்தனியே அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தவர்களுக்கு வேறொரு இடத்தில் தடுக்கும். அந்த அறிக்கையில் எடைகள் பெரும்பாலும் கிராமில் இருக்கும். Fat என்பது கொழுப்பு, Lean என்பது தசை, உறுப்பு, நீர் எல்லாம் சேர்ந்த மென்திசு, BMC என்பது எலும்பின் தாது எடை. உதாரணமாக 24,000, 53,200, 2,800 என்று இருந்தால் மூன்றும் சேர்ந்து 80 கிலோ. சில அறிக்கைகளில் இரண்டு கொழுப்புச் சதவீதங்கள் அச்சாகியிருப்பதைப் பார்த்து மக்கள் திகைத்துப்போகிறார்கள். ஒன்று எலும்பையும் சேர்த்து வகுத்தது: 24 ÷ 80, அதாவது 30. மற்றொன்று எலும்பை விட்டுவிட்டு வகுத்தது: 24 ÷ 77.2, அதாவது 31.1. இரண்டும் சரியானவைதான். ஆனால் முதல் ஸ்கேனில் ஒன்றையும் அடுத்த ஸ்கேனில் மற்றொன்றையும் எடுத்து ஒப்பிட்டால், உடலில் எதுவும் மாறாமலேயே ஒரு புள்ளி கூடியோ குறைந்தோ தெரியும். எலும்பையும் சேர்த்த மொத்த எடையால் நீங்களே வகுத்துக்கொள்வது நல்லது.

## இரண்டாம் படி: கொழுப்பற்ற எடைக்குத் தனிப் பத்தி

உடல் எடையிலிருந்து கொழுப்பு எடையைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பற்ற எடை. 80 − 24 = 56 கிலோ. தசை, எலும்பு, இரத்தம், குடல், மூளை, உடம்பில் உள்ள நீர் எல்லாம் இந்த 56-இல் அடங்கும். இதைத் "தசை எடை" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், அது தவறு. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாலும் கொழுப்பற்ற எடை கூடும். தண்ணீர் தசை ஆகாது.

நோட்டில் தேதி, எடை, சதவீதம் என மூன்று பத்திகள்தான் அவர் போட்டிருந்தார். நான் நான்காவதாக ஒரு கோடு இழுத்து, "கொழுப்பற்றது" என்று தலைப்பு எழுதி, முதல் வரியில் 56 என்று குறித்தேன். இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. கொழுப்பு மட்டும் குறைகிறது என்று சொன்னாலே, இந்த எண் அசையாமல் நிற்கிறது என்றுதான் பொருள்.

இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அடுத்தவரின் இலக்கு எடையை நாம் கடன் வாங்க முடியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில், புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதைக் காட்டினார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடைத் தராசு இந்த வேறுபாட்டைச் சொல்லவே சொல்லாது.

## மூன்றாம் படி: மேலேயும் கழியுங்கள், கீழேயும் கழியுங்கள்

வங்கி ஊழியர் தவறிய இடம் இதுதான். 5 கிலோ கொழுப்பு போனது என்றால், தொகுதியில் உள்ள 24 மட்டும் 19 ஆவதில்லை. அந்த 5 கிலோ உடம்பை விட்டே போயிருக்கிறது. ஆகவே பகுதியில் உள்ள 80-உம் 75 ஆகிவிட்டது.

```
புதிய % = (கொழுப்பு − குறைந்தது) ÷ (எடை − குறைந்தது) × 100
        = (24 − 5) ÷ (80 − 5) × 100
        = 19 ÷ 75 × 100 = 25.3
```

அவர் எதிர்பார்த்த 23.75-ஐப் பழைய எடையால் வகுத்துப் பெற்றிருந்தார். பழைய எடையோ இப்போது அவரிடம் இல்லை. கழித்துப் பாருங்கள்: 75 − 19 = 56. தொடங்கிய நாளில் இருந்த அதே 56. குறைந்த 5 கிலோவும் கொழுப்பு என்பதற்கு அந்தக் கருவி தந்திருக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று, அவரைக் கவலைப்பட வைத்த அதே 25.3-தான்.

இதே பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. "30-லிருந்து 20-க்கு வர வேண்டும், அதாவது 10 சதவீதம் குறைய வேண்டும், 80 கிலோவில் 10 சதவீதம் 8 கிலோ" என்று கணக்குப் போடுகிறவர்கள் பலர். 8 கிலோ கொழுப்பைக் குறைத்தபின் பார்த்தால் 16 ÷ 72, அதாவது 22.2 சதவீதம்தான் வரும். 20-ஐத் தொட இன்னும் 2 கிலோ மீதி இருக்கும்.

## போகப்போக ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு கூடும்

அவருடைய கொழுப்பற்ற 56 கிலோவை அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்தைந்து கிலோவாகக் கொழுப்பை மட்டும் எடுத்தால் இப்படி இறங்கும்:

| உடல் எடை | கொழுப்பு | சதவீதம் | இறங்கிய புள்ளிகள் |
|---|---|---|---|
| 80 | 24 | 30.0 | – |
| 75 | 19 | 25.3 | 4.7 |
| 70 | 14 | 20.0 | 5.3 |
| 65 | 9 | 13.8 | 6.2 |

ஒவ்வொரு முறையும் குறைவது அதே 5 கிலோதான், ஆனால் சதவீதம் வரவர வேகமாக இறங்குகிறது. இதைப் புரியவைக்க நான் பல்லாங்குழிப் பலகையில் கிடப்பதைப் போன்ற ஒரு குவியலைச் சொல்வேன். ஒரு குழியில் 3 புளியங்கொட்டையும் 7 சோழியும் இருக்கின்றன. புளியங்கொட்டை கொழுப்பு, சோழி மற்றதெல்லாம். பத்தில் மூன்று, 30 சதவீதம். ஒரு புளியங்கொட்டையை எடுத்துவிட்டால் ஒன்பதில் இரண்டு, 22.2 சதவீதம். இன்னொன்றை எடுத்தால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். கடைசியையும் எடுத்தால் ஏழில் ஒன்றுமில்லை. முதல் கொட்டை 7.8 புள்ளியை இறக்கியது, இரண்டாவது 9.7 புள்ளியை, மூன்றாவது 12.5 புள்ளியை. சோழிகளை யாரும் தொடவில்லை. குவியல் சிறுத்துக்கொண்டே வருவதால், எடுக்கும் ஒவ்வொரு கொட்டையும் அதில் பெரிய பங்காகிவிடுகிறது.

(புளியங்கொட்டையைப் போலக் கொழுப்பைக் கடைசிவரை எடுத்துவிட முடியாது. நரம்பு, எலும்பு மச்சை, உள்ளுறுப்புகள் ஆகியவற்றில் உயிர் வாழத் தேவையான கொழுப்பு இருக்கிறது. பெண்களுக்கு அந்த அளவு ஆண்களைவிடக் கணிசமாகக் கூடுதல். சூத்திரம் பூஜ்யம் வரை போகும், உடல் போகாது.)

எத்தனை புள்ளி இறங்கும் என்பதை நேராகச் சொல்லும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தோராயம் எதுவுமில்லாமல் துல்லியமாகவே பொருந்துகிறது.

```
இறங்கும் புள்ளிகள் = (100 − பழைய %) × குறைந்த கிலோ ÷ புதிய எடை
```

80 கிலோவிலிருந்து 75-க்கு வந்தவருக்கு 70 × 5 ÷ 75 = 4.67. பட்டியலில் உள்ள 4.7 அதுதான். இந்தச் சூத்திரத்தைச் சற்று நின்று பார்த்தால் குறைந்த எடை உள்ளவர்களுக்குச் சதவீதம் ஏன் வேகமாக அசைகிறது என்பதும் விளங்கும். வகுப்பது புதிய எடையால் அல்லவா? அவருடைய மனைவி 60 கிலோ, 35 சதவீதம். அவர் ஒரு கிலோ கொழுப்பைக் குறைத்தால் 65 × 1 ÷ 59, அதாவது 1.1 புள்ளி இறங்கும். கணவருக்குத் தொடக்கத்தில் அதே ஒரு கிலோவுக்கு 70 × 1 ÷ 79, அதாவது 0.9 புள்ளிதான். ஒரே வீட்டில் இருவரும் சதவீதத்தை வைத்துப் போட்டி போட்டால் அது நியாயமான போட்டி ஆகாது.

## நான்காம் படி: இலக்கிலிருந்து பின்னோக்கி

"எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை காணக் கொழுப்பைத் தொடவே வேண்டாம். அசையாமல் நிற்கும் கொழுப்பற்ற எடையிலிருந்து தொடங்குங்கள். இலக்கு 20 சதவீதம் என்றால், அந்த நாளில் உடம்பில் கொழுப்பற்றது 80 சதவீதமாக இருக்க வேண்டும். அந்த 80 சதவீதம் என்பது நம்மிடம் உள்ள 56 கிலோ. அப்படியென்றால் முழு எடை எவ்வளவு?

```
இலக்கு எடை = கொழுப்பற்ற எடை ÷ (1 − இலக்கு % ÷ 100)
           = 56 ÷ 0.80 = 70
```

ஆகவே அவர் மொத்தம் 10 கிலோ குறைக்க வேண்டும். மனைவிக்குக் கொழுப்பு 21 கிலோ, கொழுப்பற்றது 39 கிலோ. அவருடைய இலக்கு 30 சதவீதம். 39 ÷ 0.70 = 55.7. குறைக்க வேண்டியது 4.3 கிலோ.

கணினியில் பதிவு வைத்திருப்பவர்கள் A2 கட்டத்தில் எடையையும் B2 கட்டத்தில் சதவீதத்தையும் இட்டால், கொழுப்பற்ற எடைக்கும் 20 சதவீத இலக்கு எடைக்கும் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
C2:  =A2*(1-B2/100)
D2:  =C2/(1-20/100)
```

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் D2-இல் இலக்கு எடை சற்று மாறும். மிகக் கீழே இறங்கினால் கொழுப்பற்ற எடை சரிகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

## ஐந்தாம் படி: உண்மையில் கொழுப்புதானா என்று சோதிப்பது

இதுவரை போட்டது எல்லாம் கொழுப்பு மட்டும் குறையும் என்ற எடுகோளின்மேல் நிற்கும் கணக்கு. அதுவே நடந்ததா என்று பார்க்க, புதிய எடையிலிருந்து புதிய கொழுப்பு எடையைக் கழித்து, நான்காவது பத்தியோடு ஒப்பிடுங்கள். நம் வங்கி ஊழியருக்கு 75 கிலோவில் கருவி 27.3 காட்டியிருந்தால், கொழுப்பு 20.5, கொழுப்பற்றது 54.5. அதாவது 5 கிலோவில் கொழுப்பு 3.5, மற்றது 1.5. சதவீதம் குறைந்திருந்தாலும் 56 என்பது 54.5 ஆகிவிட்டது.

5 கிலோ குறைந்தும் சதவீதம் அதே 30-இல் நின்றால்? கொழுப்பு 22.5, கொழுப்பற்றது 52.5. போன 5 கிலோவில் கொழுப்பு வெறும் 1.5 கிலோ, அதாவது 30 சதவீதம். இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. குறைந்த எடையில் கொழுப்பின் பங்கு, உடலில் கொழுப்புக்கு உள்ள பங்கைவிடக் கூடுதலாக இருந்தால்தான் சதவீதம் இறங்கும். இரண்டும் சமமாக இருந்தால் நிற்கும். குறைவாக இருந்தால், எடை இறங்க இறங்கச் சதவீதம் ஏறும்.

சதவீதம் ஏறுவதைக் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ படுத்து எழுந்தவர்களிடம் பார்க்கலாம். 80 கிலோவில் 2 கிலோ நீர் போனால் 24 ÷ 78, அதாவது 30.8 சதவீதம். கொழுப்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. வீட்டுக் கருவியில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். அந்தக் கருவி பாதத்தின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் தரும் தடையை அளந்து, நாம் இட்ட உயரம், வயது, பாலினத்தோடு சேர்த்துக் கொழுப்பை ஊகிக்கிறது. நீர் நிறைந்த திசு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது. நீர் குறைந்தால் தடை கூடும், கருவி அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்து, எதையும் உண்பதற்கும் குடிப்பதற்கும் முன்னால், அதே கருவியில் ஏறச் சொல்கிறேன். உடற்பயிற்சி முடிந்த வியர்வையோடு ஏறுவது வீண்.

கருவி ஒரு புள்ளி தவறினாலும் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். 80 கிலோவில் ஒரு புள்ளி என்பது 0.8 கிலோ. கொழுப்பு 0.8 கூடியதாகவும், கொழுப்பற்றது 0.8 குறைந்ததாகவும் தெரியும். ஆகவே ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்த நிலையில் "தசை போய்விட்டது" என்றோ "முழுவதும் கொழுப்பு" என்றோ தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாலைந்து கிலோ குறைந்தபின், அடுத்தடுத்த மூன்று நாள் காலை அளவின் சராசரியை வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவதற்குப் பெரும் காரணம் கொழுப்பு அல்ல. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து செலவாகிறது. அதனோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. கிளைகோஜன் ஒரு கிராம் என்றால் நீர் ஏறக்குறைய 3 கிராம். இந்த எடையெல்லாம் கொழுப்பற்றது பத்தியில் இருந்துதான் கழியும். மேலும் கொழுப்புத் திசு என்பது முழுக்கக் கொழுப்பால் ஆனதும் அல்ல, அதிலும் நீரும் புரதமும் உண்டு. அந்தத் திசு சுருங்கும்போது கொழுப்பற்ற எடையும் கொஞ்சம் சேர்ந்தே குறையும். ஆகவே 10 கிலோ குறைத்தவருக்கு 56 என்பது 55 ஆகியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 52 ஆகியிருந்தால் அவர் என்ன சாப்பிடுகிறார், புரதம் போதுமா, எடை தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டாரா என்று உட்காரவைத்துக் கேட்பேன். அதனோடு, தூக்கும் எடை குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். முன்பு பத்து முறை தூக்கியதை இப்போது ஆறு முறைதான் தூக்க முடிகிறது என்றால், கருவி என்ன சொன்னாலும் அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்று மாதம் கழித்து வங்கி ஊழியர் அதே நோட்டோடு வந்தார். எடை 71, சதவீதம் 21.4. இந்த முறை வகுத்தலை அவரே போட்டிருந்தார். கொழுப்பு மட்டும் குறைந்திருந்தால் 15 ÷ 71, அதாவது 21.1 வந்திருக்க வேண்டும் என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் கருவி காட்டிய 21.4-ஐ எழுதியிருந்தார். நான்காவது பத்தியில் 55.8.

"0.2 கிலோ குறைகிறதே தம்பி?" என்றார்.

"அது காலையில் நீங்கள் குடிக்காமல் வந்த தண்ணீர் அண்ணா" என்றேன். சிரித்துக்கொண்டே, 55.8 ÷ 0.80 என்று போட்டு, 69.75 என்று அடிக்கோடிட்டுக்கொண்டார்.